கதிரின் சிரங்கும் ஞாயிறு இரவு மருந்தும்: எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

சுமதி: செல்வி மதினி, கதிர் ஹாஸ்டலிலிருந்து கொண்டு வந்த சிரங்குக்கு பெர்மெத்ரின் க்ரீம் போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் போட்டாச்சு. இன்னும் ராத்திரியானால் சொறிகிறான். இன்று மூன்றாவது முறை போடவா?

செல்வி: பொறு சுமதி. அரிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து போடக்கூடாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் பக்கம் புதிதாகப் பொரி கிளம்பியிருக்கிறதா?

சுமதி: படம் அனுப்பியிருக்கிறேன். பழையதெல்லாம் காய்ந்து உதிர்கிறது. புதிதாக எதுவும் இல்லை.

செல்வி: அப்படியென்றால் அவனுக்கு மருந்து வேலை செய்திருக்கிறது. பூச்சி செத்தாலும் அதன் உடலும் முட்டையும் கழிவும் தோலுக்குள்ளேயே கிடக்கும். மேல்தோல் உரிந்து அதெல்லாம் வெளியேறும் வரை உடம்பு அதை எதிர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிக்கும். இப்போது தினமும் க்ரீம் போட்டால் தோல் வறண்டு எரியும், அதுவே புது அரிப்பாகிவிடும்.

பாண்டி சித்தப்பா: நான் சொன்னேனே, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் தேய்த்துக் குளித்துவிட்டு உடனே மருந்து போட வேண்டும். துணியையும் வெந்நீரில் போட வேண்டும்.

செல்வி: துணிக்குச் சரிதான் சித்தப்பா. உடம்புக்கு வேண்டாம். சூடாகக் குளித்தவுடன் போட்டால் மருந்து தோலில் தங்காமல் உள்ளே இழுத்துக்கொள்ளும், எரிச்சலும் வரும். உடம்பு ஆறி, ஈரம் காய்ந்த பிறகு போட வேண்டும்.

விஜயா சித்தி: என் பேத்தி தலையிலும் இதுதான் போல, ஒரே அரிப்பு, பேன் ஊர்கிறது. மீதி க்ரீம் இருந்தால் கொடுத்து விடு சுமதி.

செல்வி: சித்தி, அது வேறு பூச்சி. பேனுக்கு 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் தனியாக இருக்கிறது, இது 5 சதவீதம். தலையை அலசி, துண்டால் துவட்டி, லோஷன் தடவி 10 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். அதற்கு முன் கண்டிஷனர் போடக்கூடாது. ஈர் முழுதாகச் சாகாது, பொரித்து வரும். அதனால் 9ஆம் நாள் மறுபடியும் போட வேண்டும். நடுவில் பேன் சீப்பால் வாருங்கள். அவளோடு ஒரே பாயில் படுக்கிறவர்கள் தலையையும் பாருங்கள்.

செல்வி: சுமதி, ஒன்று கேட்கிறேன். எத்தனை டியூப் வாங்கினீர்கள்?

சுமதி: 30 கிராம் டியூப் இரண்டு. கதிருக்கு உடம்பு முழுக்க, எனக்கும் கொஞ்சம். இவர் கையில் மட்டும் தடவிக்கொண்டார். அத்தைக்கு அரிப்பே இல்லை, அதனால் போடவில்லை.

முருகன்: அக்கா, இரண்டு நாளாக எனக்கு இடுப்பில் சின்னச் சின்னதாகப் பொரி. வேர்க்குரு என்று நினைத்தேன்.

செல்வி: படம் அனுப்பு தம்பி.

செல்வி: பார்த்தேன். மணிக்கட்டிலும் பூச்சி துளைத்த மெல்லிய கோடு தெரிகிறது, வேர்க்குரு இல்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரு முறை போடவே ஒரு டியூப் ஆகும். நீங்கள் இரண்டையே இரண்டு தடவைக்கு ஓட்டியிருக்கிறீர்கள். முதல் தடவை வருகிறவர்களுக்கு அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மாவுக்கு அரிக்கவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று சொல்ல முடியாது.

சுமதி: அப்போ கதிருக்கும் மறுபடியுமா?

செல்வி: ஆமாம், ஒரே வீட்டில் இருக்கிறானே. ஞாயிறு இரவு நான்கு பேரும் ஒன்றாகப் போடுங்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல். நகத்தை வெட்டி நகத்தடியிலும் தடவ வேண்டும். தொடை இடுக்கு, பிட்டம், கால் விரல் இடுக்கு எல்லாம். அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் தலை, நெற்றி, காதுக்குப் பின்னாலும், கண் வாய் படாமல். எட்டு முதல் பதினான்கு மணி நேரம் இருக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் திரும்பத் தடவணும். ஒரு வாரம் கழித்து அடுத்த ஞாயிறும் இதே மாதிரி.

சுமதி: மெத்தையை வெந்நீரில் போட முடியாதே?

செல்வி: மெத்தை, தலையணையில் மூன்று நாள் யாரும் படுக்காமல் விட்டாலே போதும். உடம்பை விட்டு அதற்கு மேல் அந்தப் பூச்சி பிழைக்காது. போர்வை, துண்டு, உடுத்திய துணிகளைத் திங்கள் காலை வெந்நீரில் துவைத்துவிடு.

பாண்டி சித்தப்பா: மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது.

செல்வி: ஸ்டீராய்டு கலந்ததாக இருக்கும் சித்தப்பா. அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். டாக்டர் எழுதித் தராமல் போடாதீர்கள். மிச்ச அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். தூங்கவே முடியவில்லை என்றால் மாத்திரை எழுதித் தருவார்கள். நான்கு வாரம் தாண்டியும் புதுப் பொரி வந்தால் திரும்பக் காட்டணும்.

முருகன்: கதிர் அடுத்த மாதம் ஹாஸ்டல் போகிறான். அறையில் இன்னும் மூன்று பேர். வார்டனிடம் பேசினேன், அரிப்பு இருக்கிறவனை மட்டும் டாக்டரிடம் அனுப்புகிறாராம்.

செல்வி: அது போதாது தம்பி. அந்த மூன்று பேரும் ஒரே இரவில் போடாவிட்டால் இவனுக்குத் திரும்ப வரும். இந்த முறை வாரக்கணக்கு ஆகாது, சில நாளிலேயே அரிக்க ஆரம்பிக்கும். அவர்கள் வீட்டு எண்ணைக் கதிரிடம் கேள்.

முருகன்: இரண்டு வீட்டுக்குப் பேசிவிட்டேன், போடுகிறோம் என்கிறார்கள். மூன்றாவது பையனின் அப்பா, அவனுக்கு ஒன்றுமே இல்லை என்று போனை வைத்துவிட்டார்.