போத்தல், ரின், ட்ராஃப்ட்: திகதியிலிருந்து பியரின் வயதைக் கணக்கிட்ட அனுபவம்

திருமலை வாசகன்:
கடந்த ஆகஸ்ட் மாதம் உப்புவெளிக் கடையொன்றில் இரண்டு லாகர் பியர்கள் வாங்கினேன். ஒன்று பச்சைப் போத்தலில் வந்த இறக்குமதி. அடுத்த ஆண்டு பெப்ரவரிக்கு முன் அருந்துவது சிறந்தது என்று மட்டும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. மற்றையது உள்ளூர் ரின். டிசம்பருடன் முடிவதாக இருந்தது. முடிவுத் திகதி தள்ளியிருப்பதால் போத்தலே புதியது என்றார் கடைக்காரர். ஆனால் ஊற்றிப் பார்த்தபோது போத்தலில் நனைந்த காகித அட்டையின் சுவை இருந்தது. ரின்னிலோ ஹொப்ஸின் கசப்பு தெளிவாக நின்றது.

ரின்னின் அடியில் உற்பத்தித் திகதியும் இருந்ததால் கணக்கு எளிதாயிற்று: ஜூனில் நிரப்பப்பட்டு, இரண்டு மாத வயதுடையது, அதற்கு வழங்கப்பட்ட ஆயுள் 6 மாதம். போத்தலுக்குத் தயாரிப்பாளர் வழங்கும் ஆயுள் 12 மாதம் என்பதால், பின்னோக்கி எண்ணினால் அது அதே ஆண்டு பெப்ரவரியில் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். முடிவுத் திகதி இரண்டு மாதம் தள்ளியிருந்த போத்தல்தான் நான்கு மாதம் மூத்தது. ட்ராஃப்டிலும் இப்படி வயதை அறிய வழியுண்டா?

நிலாவெளி பார் ஊழியர்:
உங்கள் கணக்கு சரியானது. ஆயினும் வயது மட்டுமன்று, அந்த மாதங்கள் எந்த வெப்பத்தில் கழிந்தன என்பதும் முக்கியம். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் பியர் பழசாகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். எனவே நமது ஊர்க் களஞ்சியத்தில் குளிரூட்டாமல் கிடந்த மூன்று மாதத்தை, அச்சிட்ட திகதி கணக்கில் எடுத்திருக்காது.

நீங்கள் சொல்லும் அட்டைச் சுவை ஒட்சிசனால் வருவது. போத்தல் மூடியின் உட்படை வழியாகக் காற்று மிக மெதுவாக உட்புகும். ரின்னின் மடிப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒளியால் வரும் கேடு வேறு. ஹொப்ஸின் கசப்புப் பொருளை ஒளி சிதைக்கும்போது, சுட்ட ரப்பரை நினைவூட்டும் கெட்ட வாடை மூடியைத் திறந்தவுடனேயே எழும். பச்சை, நிறமற்ற போத்தல்கள் நல்ல வெயிலில் சில நிமிடங்களிலேயே இதற்கு ஆளாகும். மண்ணிறப் போத்தல் பெருமளவு தாங்கும். ரின்னுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆதலால் விளக்கெரியும் கண்ணாடிக் குளிர்ப்பெட்டியின் முன்வரிசைப் போத்தலை நான் எடுப்பதில்லை. மூடிய அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருமாறு கேட்பேன்.

கடலோரத் தம்பி:
அண்ணா, ட்ராஃப்ட் பரலிலிருந்து நேரே வருவதால் அதுவே எப்போதும் புதியது அல்லவா? அத்துடன், ஒருமுறை குளிர்ந்த பியர் சூடாகி மறுபடி குளிர்ந்தால் கெட்டுவிடும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நிலாவெளி பார் ஊழியர்:
தம்பி, விற்பனை வேகமாக நடக்கும் இடத்தில் நீங்கள் சொல்வது உண்மைதான். மே முதல் செப்டெம்பர் வரை பயணிகள் நிறைந்திருக்கும்போது எங்களிடம் ஒரு பரல் சில நாட்களில் தீர்ந்துவிடும். வாடைக்காற்றும் மழையும் தொடங்கிய பின்னரோ, திறந்த பரல் வாரக்கணக்கில் நிற்கக்கூடும்; அக்காலத்தில் நானே ரின்னைத்தான் பரிந்துரைப்பேன். பரலிலும் திகதி ஒட்டப்பட்டிருக்கும். என்று திறந்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். குழாய்களை வாரந்தோறும் கழுவாவிட்டால் புதிய பரலும் பயனற்றது. வெண்ணெய் வாசனையோ வினாகிரிப் புளிப்போ தெரிந்தால் முதலில் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரவு முழுவதும் குழாயில் நின்ற பியரைக் காலையில் வெளியே கொட்டிவிடுவதும் அதனால்தான்.

குளிர்ந்து சூடாவது தனியாக ஒரு கேடு அன்று. மொத்தத்தில் எவ்வளவு காலம் சூட்டில் கிடந்தது என்பதையே பார்க்க வேண்டும்.

தம்பலகாமத்தான்:
மாமா வீட்டு அலுமாரியில் திகதி கடந்து இரண்டு மாதமான போத்தல்கள் உள்ளன. குடித்தால் உடம்புக்குத் தீங்கு வருமா என்பதே என் கேள்வி. அதில் 04/09 என்றிருக்கிறது. நான் ஏப்ரல் என்று எண்ணினேன், மாமா செப்டெம்பர் என்கிறார்.

திருமலை வாசகன்:
அந்தத் திகதி சுவைக்கான எல்லையே. மூடி இறுக்கமாகவும் பியர் தெளிவாகவும் இருந்தால், குறைவது பெரும்பாலும் சுவைதான். மூடி கசிந்திருந்தால் விட்டுவிடுங்கள். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் நாளே முதலில் வரும். அமெரிக்கத் தயாரிப்புகளில் மாதம் முதலில் வரும். அதே வகைப் போத்தல் வேறொன்றில் முதல் எண் 12ஐத் தாண்டியிருந்தால், அந்த இடத்தில் இருப்பது நாள் என்பது உறுதி.

தம்பலகாமத்தான்:
போத்தலில் ஒரு திகதியும், மேலே ஒட்டிய இறக்குமதியாளரின் தாளில் வேறொரு திகதியும் உள்ளன. எதை நம்புவது?

நிலாவெளி பார் ஊழியர்:
நான் கண்ணாடியில் அச்சிட்டதையே நம்புவேன். ஆனால் என் முதலாளி தாளில் உள்ளதைத்தான் பதிவேட்டில் எழுதச் சொல்கிறார். இது குறித்து எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.