சம்பளம் கூடியதும் கைக்கு வருவது குறைகிறது, அவசர உதவி

மார்த்தாண்டம்வாசி: ஆண்டுக்கு 50,000 கூட்டினார்கள். இதுவரை வரியே பிடித்ததில்லை. இப்போது வந்த கணக்குத்தாளில் ஆண்டு வரி 70,200. 15 சதவீத ஸ்லாபுக்குப் போனால் முழுச் சம்பளத்துக்கும் 15 போடுவார்களா? நாளைக்கே எச்ஆரிடம் பேச வேண்டும்.

குழித்துறை அக்கா: எந்த ஆண்டு தம்பி? புதிய முறையா, பழையதா? மொத்தச் சம்பளம் எவ்வளவு?

கோட்டாறு மூத்தவர்: இதை எத்தனை முறைதான் எழுதுவது. 12 லட்சத்தைத் தாண்டிய துண்டுக்கு மட்டும்தான் 15. சம்பளம் கூடி வீட்டுக்கு வரும் பணம் குறைந்தவர் யாரும் கிடையாது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மார்த்தாண்டம்வாசி: 2025-26, புதிய முறை. முன்பு 12.75 லட்சம், இப்போது 13.25.

தக்கலை கணக்கர்: மூத்தவர் சொல்வது ஸ்லாபுக்குச் சரி, ஆனால் இவர் நிற்கும் இடத்துக்குப் பொருந்தாது. 75,000 நிலைக்கழிவு போனால் முன்பு சரியாக 12 லட்சம். அதற்கு 60,000 வரி உண்டு, 12 லட்சம் வரை கிடைக்கும் ரிபேட் என்ற வரித் தள்ளுபடி அதை முழுதாகக் கழித்துவிட்டது. இப்போது 12.5 லட்சம், ரிபேட் போயிற்று. 60,000, மேலே 7,500, அப்புறம் 4 சதவீத செஸ்: அதுதான் அந்த 70,200. ஆனால் தாளில் மார்ஜினல் ரிலீஃப் போடவில்லை. 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி கூடக்கூடாது என்பதால் வரி 50,000, செஸ் 2,000, மொத்தம் 52,000 தான். 13.25 லட்சத்தில் அது 4 சதவீதம்கூட இல்லை. கூடிய 50,000-க்கு மட்டும் பார்த்தால் 104 சதவீதம்! வரிக்குரிய வருமானம் சுமார் 12,70,600-ஐத் தாண்டினால்தான் கூடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 15.6 பைசா என்று ஆகும்.

குலசேகரம் ரப்பர்: எனக்கும் சம்பளம் உண்டு, அதோடு தோட்டத்து ரப்பர் பால் விற்ற பணமும் வருகிறது. அதையும் சேர்த்தால் நானும் 12-ஐத் தாண்டுவேனா?

தக்கலை கணக்கர்: விவசாய வருமானத்துக்கு வரி இல்லை அண்ணாச்சி, ஆனால் 5,000-க்கு மேல் போனால் விகிதம் பார்க்க மட்டும் சேர்ப்பார்கள். அது வேறு கணக்கு, தனி இழை போடுங்கள். மார்த்தாண்டம் தம்பி, அந்த 50,000-ஐ முதலாளி பங்காக என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் போடக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. வேறு வருமானம் இல்லையென்றால் வரி பூஜ்ஜியம்.

கோட்டாறு மூத்தவர்: 2,000 ரூபாய் நஷ்டத்துக்காக 50,000-ஐ ஓய்வு வரை முடக்குவதா?

தக்கலை கணக்கர்: முடக்காவிட்டால் அந்த 50,000-மே வரியாகப் போகிறது, செஸ் வேறு.

குழித்துறை அக்கா: கையில் பணம் வேண்டியவனுக்கு முடங்கிய பணம் உதவாது. மூத்தவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தம்பி, எஃப்டி வட்டி ஏதும் உண்டா? அதையும் சேர்க்க வேண்டும்.

மார்த்தாண்டம்வாசி: எச்ஆர் திருத்திவிட்டார்கள், 52,000. என்பிஎஸ் பற்றி வீட்டில் கேட்க வேண்டும். நன்றி கணக்கர் அண்ணா.