ஆஸ்பத்திரிக்கு ரொக்கமாகக் கட்டியவர்களே, இன்சூரன்ஸில் எந்தத் தாளை ஏற்றுக்கொண்டார்கள்?

பனியன் ஊர்க்காரன்
அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அந்த ஆஸ்பத்திரி பாலிசியின் நெட்வொர்க்கில் இல்லை, அதனால் கையிலிருந்து கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கவேண்டிய நிலை. மொத்த பில் 1,38,400. சேர்க்கும்போது 20,000, ஆபரேஷனுக்கு முந்தின நாள் 50,000, டிஸ்சார்ஜ் அன்று மீதி 68,400, எல்லாமே ரொக்கம். கடைசி நாள் கவுன்டர் பையன் என் கையிலிருந்த இரண்டு அட்வான்ஸ் ரசீதையும் வாங்கி அவர்கள் காப்பியோடு வைத்துப் பின் அடித்துக்கொண்டான். "பில்லில் அட்வான்ஸ் கழிச்சிருக்கு சார், அதுவே போதும்" என்றான். அந்தப் பின் அடிக்கும் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது, ஏனென்றால் கம்பெனியிடமிருந்து வந்த கேள்வியே "70,000-க்குப் பணம் செலுத்திய ரசீது எங்கே" என்பதுதான். பில்லில் PAID என்று சீல் இருக்கிறதே என்று எழுதினால், ரசீது எண் வேண்டும் என்று பதில். உங்களுக்கு இப்படி ஆனதா?

கணக்குப்பிள்ளை
ரொக்கமாகக் கட்டினாலே கிளெய்ம் கிடையாது நண்பரே. 80D-யில் தெளிவாக இருக்கிறது, ரொக்கம் செல்லாது. கார்டிலோ ஜிபேயிலோ கட்டியிருக்க வேண்டும்.

பழைய டிபிஏ
கணக்குப்பிள்ளை சொல்வது பிரீமியத்துக்கான வரிக்கழிவு. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் 80D கிடைக்காது, அது சரி. ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது வேறு, கிளெய்ம் டெஸ்கில் இருந்த காலத்தில் ரொக்க ரசீதோடு வந்த எத்தனையோ ஃபைலைப் பாஸ் செய்திருக்கிறேன். அங்கே பார்ப்பது பில்லை மட்டும் அல்ல. பில் என்பது இவ்வளவு கேட்கிறோம் என்ற தாள், ரசீதுதான் இவ்வளவு வாங்கினோம் என்ற தாள். வரிசை எண், தேதி, நோயாளி பெயர், ஐ.பி. எண், தொகை, வாங்கியவர் கையெழுத்து, சீல் இவ்வளவும் ரசீதில் வேண்டும். 5,000-க்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப்பும் கேட்பார்கள். எல்லா ரசீதையும் கூட்டினால், தள்ளுபடி இருந்தால் அது போக, பில்லின் மொத்தத் தொகை வரவேண்டும், வராவிட்டால் குறையும் தொகைக்குக் கேள்வி வரும். சந்தேகம் வந்தால் ஆள் அனுப்பி ஆஸ்பத்திரி கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏடிஎம் ஸ்லிப் நீங்கள் பணம் எடுத்ததைத்தான் காட்டும், கட்டியதைக் காட்டாது.

பனியன் ஊர்க்காரருக்கு வழி சுலபம்: பில்லிங் மேனேஜரிடம் போய் அந்த இரண்டு ரசீதுக்கும் டூப்ளிகேட் கேளுங்கள், சீல் கையெழுத்தோடு. கூடவே லெட்டர்ஹெட்டில், இன்ன எண் ரசீதில் இன்ன தேதி இவ்வளவு ரொக்கமாகப் பெற்றோம் என்று மூன்றையும் வரிசையாக எழுதி வாங்குங்கள். கவுன்டர் பையனிடம் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டான்.

விழுப்புரம் அக்கா
எனக்கு எல்லா ரசீதும் இருந்தது தம்பி, ஆனாலும் பிடித்துவிட்டார்கள். மயக்க டாக்டர் வெளியிலிருந்து வந்தார். 18,000 தனியாகக் கையில் வாங்கிக்கொண்டு தன் லெட்டர்ஹெட்டில் "received with thanks" என்று எழுதிக் கொடுத்தார். அந்த 18,000 முழுவதையும் கழித்துவிட்டார்கள். டாக்டர் கையெழுத்துக்கு மேல் என்ன ரசீது வேண்டுமாம்?

பழைய டிபிஏ
அக்கா, உங்கள் பாலிசி வாசகத்தைப் பாருங்கள். பழைய மெடிக்ளைம் பாலிசிகள் சிலவற்றில், டாக்டர் தனியாக வாங்கினால் எண்ணிட்ட பில் வேண்டும், லெட்டர்ஹெட் செல்லாது, ரொக்கம் என்றால் 10,000 வரைதான் என்றே இருந்தது. சிலவற்றில் ஆஸ்பத்திரி பில்லுக்குள் வராத ஃபீஸே கிடையாது. டாக்டர் எண் போட்ட பில் கொடுத்தால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம். தருவார்களா என்பது வேறு கதை.

கணக்குப்பிள்ளை
சரி, 80D விஷயத்தை விடுங்கள். ஆனால் 2 லட்சத்துக்கு மேல் ரொக்கம் தப்புதானே? என் மச்சானிடம் 2,60,000 வாங்கி இரண்டு நாள் தேதியில் இரண்டு ரசீது போட்டார்கள்.

பழைய டிபிஏ
இது சரியான பாயின்ட். வருமான வரியில் 2017 ஏப்ரலில் வந்த 269ST பிரிவுப்படி 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது, ஒரே சிகிச்சைக்கு நாள் பிரித்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். அபராதம் வாங்கினவருக்கு, கட்டினவருக்கு அல்ல. அதனால்தான் சில இடங்களில் ரசீதே குறைத்துப் போடுகிறார்கள், அங்கேதான் உங்கள் கிளெய்ம் அடிவாங்கும். மச்சானின் இரண்டு ரசீதும் பில்லோடு ஒத்துப்போனதா?

கணக்குப்பிள்ளை
ஒன்று அவர் பெயரில், ஒன்று என் அக்கா பெயரில். இன்னும் கேள்வியில் நிற்கிறது.

பனியன் ஊர்க்காரன்
மேனேஜர் டூப்ளிகேட் தருகிறேன் என்றார், ஆனால் இன்றைய தேதி போட்டுத்தான் தருவாராம். அது செல்லுமா?

பழைய டிபிஏ
பழைய எண், பழைய தேதி, மேலே "duplicate" என்று இருக்கவேண்டும். இன்றைய தேதியில் புது எண் என்றால் இன்னொரு கேள்வி வரும், வாங்காதீர்கள்.