எம்சிஎச்சி 46 வருது, ஃபார்முலா தப்பா? அவசரம்

புதுலேப்
ஹீமோகுளோபின் 10.2, ஹெமடோகிரிட் 22. எம்சிஎச்சி போட்டா 46.4 வருது. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன். புத்தகத்துல 32லேர்ந்து 36னு இருக்கு. ஃபார்முலா ஏதாவது மாறிப்போச்சா? ரிப்போர்ட் கேட்டுக்கிட்டே இருக்காங்க, யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

கணக்குப்புலி
இதெல்லாம் முதல் வருஷப் பாடம் தம்பி. ஹெமடோகிரிட்டை சதவீதமா எடுத்தீங்களா, பின்னமா எடுத்தீங்களா? அலகு பார்க்காம எண்ணைத் தூக்கிப் போட்டா இப்படித்தான் வரும். இந்தா:

```
MCV  (fL)   = Hct(%)   × 10  ÷ RBC(10^12/L)
MCH  (pg)   = Hb(g/dL) × 10  ÷ RBC(10^12/L)
MCHC (g/dL) = Hb(g/dL) × 100 ÷ Hct(%)
```

இரவுப்பணி
ஃபார்முலா சரி, ஆனா சிக்கல் அலகுல இல்லீங்க. அலகு தப்பினா புள்ளி மட்டும்தான் இடம் மாறும், இலக்கம் மாறாது. 22க்கு பதிலா 0.22 போட்டிருந்தா 4636 வந்திருக்கும். எந்த அலகை எப்படி மாத்தினாலும் 4, 6, 4 அப்படியே நிக்கும், 33 ஆகாது. அப்போ உள்ளே போன எண்ணுலயே ஒண்ணு பொய்.

புதுலேப், நீங்க சொல்லாம விட்டதுதான் முக்கியம். ஆர்பிசி எவ்வளவு? ஹெமடோகிரிட் மெஷின் கொடுத்ததா, குழாயில சுத்தி எடுத்ததா? பிளாஸ்மா என்ன நிறம்?

மல்லிகை
நல்ல இழை. எனக்கு எம்சிவி 71னு வந்திருக்கு, இது ரத்தசோகையா? இரும்பு மாத்திரை எடுத்துக்கலாமா?

வெண்ணெய்க்குழாய்
46ஆ? கண்ணை மூடிட்டுச் சொல்றேன், ரத்தத்துல கொழுப்பு. ஹீமோகுளோபினை ஒளியை வச்சுத்தான் அளக்கிறோம். பிளாஸ்மா பால் மாதிரி கலங்கியிருந்தா ஒளி சிதறும், மெஷின் அதையும் ஹீமோகுளோபின்னு எண்ணிக்கும். அந்த ஒரு எண் ஏறினா எம்சிஎச், எம்சிஎச்சி ரெண்டும் கூடவே ஏறும். கொஞ்சம் சுத்தி மேல இருக்கிறதைப் பாருங்க.

புதுலேப்
மன்னிக்கணும், சொல்ல மறந்துட்டேன். எல்லாமே மெஷின்தான். ஆர்பிசி 1.96. எம்சிஎச்சி பக்கத்துல நட்சத்திரம் போட்டிருந்துச்சு, அதனாலதான் கையால போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்துச்சு. பிளாஸ்மா தெளிவாத்தான் இருக்கு. சாம்பிள் காலையில எடுத்தது, மேசையிலயே ஏசிக்குக் கீழ இருந்துச்சு.

இரவுப்பணி
மெஷின் கொடுத்த எண்ணை வச்சே கையால போட்டா அதே விடைதான் வரும், அது சரிபார்ப்பு ஆகாது. மீதி ரெண்டையும் போடுவோம்.

எம்சிவி: 220 ÷ 1.96 = 112.
எம்சிஎச்: 102 ÷ 1.96 = 52.

கொழுப்பா இருந்தா எம்சிவி இயல்பா நின்னிருக்கும், ஏன்னா ஆர்பிசியும் ஹெமடோகிரிட்டும் அதனால பெருசா அசையாது. இங்க எம்சிவி 112க்கு ஏறியிருக்கு, ஆர்பிசி 2க்குக் கீழ விழுந்திருக்கு, எம்சிஎச் நம்பவே முடியாத இடத்துல நிக்குது. ஏசிக்குக் கீழ இருந்த சாம்பிள்னு வேற சொல்றீங்க. எனக்கு இது குளிர்ல அணுக்கள் ஒட்டிக்கிற கேஸ் மாதிரி இருக்கு, கோல்டு அக்ளூட்டினின்.

ரெண்டு அணு ஒட்டிக்கிட்டு துளையில போனா மெஷின் அதை ஒரே பெரிய அணுன்னு எண்ணும். பெரிய கட்டியா போனா அளவு எல்லையைத் தாண்டிடும், கணக்குலயே வராது. அதனால எண்ணிக்கை கடுமையா விழும், எம்சிவி ஏறும். ஆனா போன அணுக்கள் போனதுதான், எம்சிவி ஏறுறது அந்த இழப்பை ஈடுகட்டாது. அந்த வகை மெஷின்ல ஹெமடோகிரிட் இந்த ரெண்டையும் பெருக்கி வர்றது, அதனால அதுவும் விழும். ஹீமோகுளோபினுக்கு மட்டும் அணுக்களை உடைச்சுக் கரைச்சுத்தான் அளக்கிறாங்க, ஒட்டியிருந்தாலும் உடையும். உங்க நாலு எண்ணுல நம்பலாம்னு இருக்கிறது அந்த 10.2 ஒண்ணுதான்.

37 டிகிரியில கால் மணி நேரமாவது வச்சு, நல்லா கலக்கி, ஆறுறதுக்குள்ள உடனே ஓட்டுங்க.

கணக்குப்புலி
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஹீமோகுளோபினை மூணால பெருக்கினா ஹெமடோகிரிட் வரணும். 10.2 × 3 = 30.6. 22 இருக்குன்னாலே சந்தேகப்பட்டிருக்கணும்.

இரவுப்பணி
அலகுன்னுதான் சொன்னீங்க, சரி விடுங்க. அந்த மூணு கணக்கு இயல்பான அணுக்களுக்கு மட்டும்தான் பொருந்தும். இரும்புக் குறைவுல எம்சிஎச்சி 28 இருந்தா நிஜமாவே பொருந்தாது, அங்க மெஷின் மேல பழி போடக் கூடாது. ஆனா இந்தப் பக்கம் 40ஐத் தாண்டினா அது வேற. அணுவுக்குள்ள அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்க முடியாது. ஸ்பீரோசைட்டோசிஸ்ல கூட 37, 38 பக்கம்தான் பார்த்திருக்கேன்.

பழையசென்ட்ரிஃப்யூஜ்
சூடாக்குறதெல்லாம் எதுக்கு? தந்துகிக் குழாயில எடுத்து சுத்துங்க. ஒட்டியிருந்தாலும் அடியில அடையத்தானே போகுது, ஹெமடோகிரிட் உண்மையா வந்துரும். மெஷினை நம்பி நம்பித்தான் இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கை வேலையே மறந்துபோச்சு.

இரவுப்பணி
எம்சிஎச்சிக்கு அது சரிதான் அய்யா. ஆனா சுத்தி எடுத்த 31ஐ அந்தப் பொய்யான 1.96 மேல வகுத்தா எம்சிவி 158 வரும். ஒரு எண்ணைத் திருத்திட்டு இன்னொண்ணை அப்படியே விட்டா நிலைமை இன்னும் மோசம்.

வெண்ணெய்க்குழாய்
சுத்தினா அணுக்களுக்கு நடுவுல கொஞ்சம் பிளாஸ்மா மாட்டிக்கும், எப்பவுமே கொஞ்சம் கூடத்தான் காட்டும். அதை எப்படி உண்மைன்னு சொல்றீங்க?

பழையசென்ட்ரிஃப்யூஜ்
நூத்துக்கு ரெண்டு மூணு பங்கு மாட்டும், 30 இருக்கிற இடத்துல 31 காட்டும். அதுக்கா இவ்வளவு பேச்சு? உங்க மெஷினை எதை வச்சுச் சரிபார்க்கிறாங்கன்னு கொஞ்சம் யோசிங்க.

வெண்ணெய்க்குழாய்
அணு வடிவம் கெட்டிருந்தா ரெண்டு மூணோட நிக்காது, அரிவாள் அணு இருந்தா இன்னும் கூடுதலா மாட்டும். சரிபார்க்கிறது இயல்பான ரத்தத்தை வச்சு, இது நோயாளி ரத்தம்.

மல்லிகை
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே.

இரவுப்பணி
மல்லிகை, அந்த 71ஐ மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. எம்சிவி குறைஞ்சு ஆர்பிசி எண்ணிக்கை தாராளமா இருந்தா தலசீமியா பக்கம் யோசிப்பாங்க, ரெண்டுமே குறைஞ்சா இரும்பு பக்கம். எல்லா எண்ணோடயும் தனி இழை போடுங்க, ஃபெரிட்டின் பார்க்காம மாத்திரை வேண்டாம்.

புதுலேப்
சூடாக்கி ஓட்டிட்டேன். ஹீமோகுளோபின் 10.2 அப்படியே. ஆர்பிசி 3.32, ஹெமடோகிரிட் 30.5. எம்சிவி 92, எம்சிஎச் 30.7, எம்சிஎச்சி 33.4. நட்சத்திரம் போயிடுச்சு. நன்றி, அனுப்பிட்டேன்.

இரவுப்பணி
சூடாக்கின பிறகு எடுத்த எண்கள்னு ரிப்போர்ட்டுல குறிப்பு எழுதினீங்களா? எழுதலேன்னா அடுத்த தடவை வேற லேப்ல 1.96 வந்து எல்லாரையும் பயமுறுத்தும். அப்புறம் ஸ்மியர் பார்த்தீங்களா? அணுக்கள் கொத்துக் கொத்தா தெரிஞ்சாத்தான் நம்ம ஊகம் நிக்கும். ஹீமோகுளோபின் 10.2ங்கிறது சூடாக்கினாலும் குறைவுதானே, அந்த அணுக்கள் உடம்புக்குள்ளயும் உடையுதான்னு டாக்டருக்குச் சொல்லியாகணும்.

பழையசென்ட்ரிஃப்யூஜ்
சூடாக்கியும் ஒட்டல் விடலேன்னா என்ன பண்ணுவீங்க? பிளாஸ்மாவை எடுத்துட்டு வெதுவெதுப்பான சலைனை விடணும், அதுக்கும் என் சென்ட்ரிஃப்யூஜ்தான் வேணும்.

கணக்குப்புலி
புதுலேப், ஸ்மியர் என்னாச்சு?