கலைச்சொல் தேவை: காட்சி, ஓசை, மணம் ஒன்றாய்க் கலக்கும் படிமம்

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். திறனாய்வுச் சொல்லடைவுக்கு ஒரு சொல் வேண்டும். ஒரே படிமத்தில் பல புலன்கள் கலந்து நிற்பதற்குச் சிலர் ‘புலன்மயக்கம்’ என்கிறார்கள், சிலர் ‘பல்புலப் படிமம்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? சோதித்துப் பார்க்க நானே ஒரு வரி எழுதியிருக்கிறேன்:

*இருளில் வெள்ளை மணம் எழுந்து
மணியோசையாய் மெல்லத் தேய்ந்தது*

மாறன்:
‘ஐம்புலப் படிமம்’ போதுமே. குறளிலேயே சான்று இருக்கிறது: “கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும் / ஒண்தொடி கண்ணே உள” (1101). ஐந்தும் ஒரே இடத்தில் கலந்துவிட்டன.

அருள்மொழி:
மாறன், அங்கே ஐந்தும் கூடியிருக்கின்றன, கலக்கவில்லை. காண்பது கண்ணின் வேலை, கேட்பது செவியின் வேலை என்று ஒவ்வொரு வினையும் அதனதன் பொறியோடுதான் நிற்கிறது. ‘கேட்டு’ என்பதை எடுத்துவிட்டால் எண்ணிக்கை ஒன்று குறையும், அவ்வளவுதான். மற்ற நான்கும் அப்படியே இருக்கும்.

கலப்புக்கு 420ஆம் குறளைப் பாருங்கள்: “செவியிற் சுவையுணரா வாயுணர்வின் மாக்கள்”. 389இல் “செவிகைப்பச் சொற்பொறுக்கும்”. கைப்பது நாவின் வேலை, இங்கே அதைச் செவி செய்கிறது. நாவுக்குரிய சொல்லை எடுத்துவிட்டால் படிமமே இல்லை. ஆகவே இவை இரண்டு வகை, இரண்டு சொல் வேண்டும்.

‘பல்புலம்’ வேண்டாம் என்பேன். ‘புலம்’ என்றால் பலரும் கல்வித்துறை என்றே கொள்கிறார்கள். பல துறை சார்ந்த படிமம் என்று படித்துவிடுவார்கள். ‘புலன்’ என்றே வைப்போம்.

பாத்திமா:
எழுத்தைப் பார்த்தால் நிறம் தெரிகிறது, இசை கேட்டால் வடிவம் தெரிகிறது என்பவர்களைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? மருத்துவக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அதில் ‘புலன்மயக்கம்’ என்று போட்டதும் சரிபார்ப்பவர் அடித்துவிட்டார். இல்லாததை இருப்பதாகக் காணும் நோய் என்று படிப்பவர் பயந்துவிடுவார் என்பது அவர் காரணம்.

அருள்மொழி:
பாத்திமா அம்மா, கயல் கேட்பது கவிஞர் வேண்டுமென்றே செய்வது. நீங்கள் சொல்வது ஒருவருக்குத் தானாக நேர்வது. பெரும்பாலும் சிறுவயது முதலே இருக்கும், அதே எழுத்துக்கு அதே நிறம்தான் வரும். ஆனாலும் உங்கள் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

மாறன்:
1101 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ‘மயக்கம்’ என்பதை விட மனமில்லை. திணைமயக்கம், மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் அது கலந்து வருவதைத்தானே குறிக்கிறது? இலக்கியச் சொல்லடைவில்கூட அந்தப் பொருளுக்கு இடமில்லையென்றால் வேறு எங்கே இருக்கும்?

கயல்விழி:
என் வரி எந்த வகை ஐயா?

அருள்மொழி:
கலப்புதான், ஆனால் இரண்டு இடமும் ஒரே வலுவோடு இல்லை. உங்கள் வரியில் நிலையாக நிற்பது மணம். மணியோசை அதோடு சேரக் காரணம் இருக்கிறது: இரண்டும் சட்டென எழுந்து படிப்படியாகக் குறைபவை. ‘தேய்ந்தது’ என்ற ஒரே வினை இரண்டுக்கும் பொருந்துகிறது.

‘வெள்ளை’க்கு அப்படி ஒரு பிடி இல்லை. ‘பச்சை மணம்’ என்று மாற்றிப் படியுங்கள். பெரிதாக எதுவும் மாறவில்லை என்றால் அந்தச் சொல் சும்மா நிற்கிறது. இருளுக்கு எதிர்நிலை என்பது மட்டுமே அதற்குள்ள துணை.

இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டுக் கவிதைகளை ஆராய்ந்த மொழியியலாளர் ஸ்டீபன் உல்மன், ஒரு புலனுக்குரிய சொல்லை இன்னொரு புலனுக்குத் தரும் கடன் பெரும்பாலும் கீழ்ப்புலனிலிருந்து மேற்புலனுக்குப் போகிறது என்று கண்டார். அவர் வரிசை தொடுகை, வெப்பம், சுவை, மணம், ஓசை, காட்சி. தொல்காப்பிய மரபியலின் அறிவு வரிசையும் உடல், நா, மூக்கு, கண், செவி என்று போகிறது. கடைசி இரண்டுதான் இடம் மாறியுள்ளன. செவி கைப்பது கீழிருந்து மேலே போவது, அதனால் எளிதில் பிடிபடுகிறது. வெள்ளை மணம் மேலிருந்து கீழே வருகிறது. அது தவறில்லை, ஆனால் வாசகருக்குக் கூடுதல் துணை தேவை.

கீழிருந்து மேலே போவதில் வேறு ஆபத்து உண்டு: ‘இனிய குரல்’, ‘கனத்த குரல்’ போலப் பழகித் தேய்ந்துவிடும். அவற்றைப் படிமம் என்று சொல்லடைவில் காட்ட வேண்டாம்.

சொல்லுக்கு என் முன்மொழிவு: கூடி நிற்பதற்குக் ‘கூட்டுப்புலன் படிமம்’, கடன் வாங்குவதற்குப் ‘புலன்பெயர்ச்சி’.

மாறன்:
பெயர்ச்சி என்றதும் பலருக்குக் குருப்பெயர்ச்சிதான் நினைவுக்கு வரும். ‘புலன்கலப்பு’ என்றால்?

அருள்மொழி:
கலப்பில் எது நிலை, எது கடன் என்பது தெரியாமல் போகிறது. அதுதான் என் தயக்கம்.

கயல்விழி:
‘கூட்டுப்புலன் படிமம்’ என்பதை ஏற்றிவிட்டேன், 1101 எடுத்துக்காட்டு. மற்றதற்குப் ‘புலன்கலப்பு’, ‘புலன்பெயர்ச்சி’ இரண்டையும் இப்போதைக்குச் சேர்த்தே வைக்கிறேன். 389, 420 அங்கே வரும். ‘புலன்மயக்கம்’ இலக்கண வழக்கு என்ற குறிப்போடு இருக்கட்டும். என் வரியில் ‘வெள்ளை’யை எடுத்துவிட்டுப் பார்த்தேன், ‘இருளில்’ தனியாகத் தொங்குகிறது. அதற்கு என்ன செய்வது?