ரிசல்ட் அன்று கூகுளில் எங்கள் பக்கத்தின் தலைப்பு "காத்திருக்கவும்" என்று மாறிவிட்டது. 10ஆம் வகுப்பு ரிசல்டுக்கு முன் சரிசெய்ய உதவி தேவை

வைகைக்கரை:
ஒரு சிறிய கல்வித் தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். தமிழ்நாடு பிளஸ் 2 ரிசல்டுக்கென்று ஒரு பக்கம் உண்டு. மதிப்பெண்ணை நாங்கள் காட்டுவதில்லை. அரசுத் தளங்களின் இணைப்பு, பார்க்கும் முறை, மறுகூட்டலுக்கும் துணைத்தேர்வுக்கும் விண்ணப்பிப்பது எப்படி என்ற விவரங்கள், அவ்வளவுதான். வருடம் முழுக்க ஆள் நடமாட்டமே இருக்காது, அந்த ஒரு நாள் காலையில் மட்டும் கூட்டம் தாங்காது.

தலைப்பில் "பிளஸ் 2 ரிசல்ட் மே 9 வெளியீடு" என்று இருந்தது. ரிசல்ட் தேதியை மே 8க்கு முன்கூட்டியே மாற்றிவிட்டார்கள். தலைப்பை உடனே திருத்தியும், 8ஆம் தேதி காலையில் கூகுளில் "மே 9" என்றுதான் தெரிந்தது. 10 மணி தாண்டியதும் அதுவும் போய், "சற்றுக் காத்திருக்கவும்" என்ற தலைப்பு வந்தது. கீழே விளக்கத்தில் "நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்" என்று இருந்தது. சிடிஎன் நிறுவனம் கூட்டம் அதிகமானால் காட்டும் வரிசைப் பக்கத்தின் வாசகம் அது. மாலை வரை அப்படியே நின்றது. 10ஆம் வகுப்பு ரிசல்ட் மே 19 என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் என்ன செய்யலாம்?

தட்டச்சுப்பொறி:
தலைப்பை 60 எழுத்துக்குள், விளக்கத்தை 160 எழுத்துக்குள் வையுங்கள் நண்பரே. விளக்கத்தில் tn 12th result, plus two result, hsc result என்று எல்லாவற்றையும் சேர்த்தால் மேலே வரும். வரிசைப் பக்கத்துக்கு noindex போட்டுவிடுங்கள், கூகுள் அதை எடுக்காது. பிரச்சினை தீர்ந்தது.

சர்வர்அறை:
noindex மட்டும் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. வரிசைப் பக்கம் தனி முகவரியில் இருந்தால் பரவாயில்லை. இங்கே ரிசல்ட் பக்கத்தின் முகவரியிலேயே அது வருகிறது. கூகுளின் ரோபோ அந்த நேரத்தில் வந்தால் "இந்த முகவரியைப் பட்டியலில் வைக்காதே" என்றுதான் புரிந்துகொள்ளும். தலைப்பு கெடுவதோடு நிற்காது, தேடலில் பக்கமே காணாமல் போகும், அதுவும் அந்த நாளில்.

வைகைக்கரை, முதலில் இதைப் பாருங்கள். சர்ச் கன்சோலில் அந்த முகவரியை ஆய்வு செய்து, கடைசியாக எப்போது எடுத்தது என்ற நேரத்தையும், கூகுள் சேமித்து வைத்திருக்கும் எச்டிஎம்எல்லையும் பாருங்கள். அதில் வரிசைப் பக்கம் இருந்தால் ரோபோவும் வரிசையில் நின்றிருக்கிறது. என்ன நிலைக் குறியீடு வந்தது என்பதும் அங்கேயே தெரியும்.

வைகைக்கரை:
பார்த்துவிட்டேன் அண்ணா. 8ஆம் தேதி காலை எடுத்திருக்கிறது. வரிசைப் பக்கமேதான், குறியீடு 200.

கணக்குடீச்சர்:
மன்னிக்கவும், என் மகளின் பதிவெண்ணைப் போட்டால் விவரம் இல்லை என்றே வருகிறது. பிறந்த தேதியை எந்த வடிவில் போட வேண்டும்?

வைகைக்கரை:
டீச்சர், நாங்கள் அரசுத் தளம் இல்லை. tnresults.nic.in அல்லது results.digilocker.gov.in தளத்தில், ஹால் டிக்கெட்டில் உள்ள பதிவெண்ணும் பிறந்த தேதியும் அப்படியே போட்டுப் பாருங்கள். நாள், மாதம், வருடம் என்ற வரிசையில். அப்படியும் வரவில்லை என்றால் பள்ளியில் கேளுங்கள்.

சர்வர்அறை:
அந்த 200தான் காரணம். "பக்கம் சரியாக இருக்கிறது, இதுதான் உள்ளடக்கம்" என்று உங்கள் தளமே சொல்லியிருக்கிறது, கூகுள் நம்பிவிட்டது. நெரிசலால் பக்கத்தைத் தர முடியாதபோது போக வேண்டியது இது:

```
HTTP/2 503
Retry-After: 300
```

503 வந்தால் பழைய தலைப்பையும் விளக்கத்தையும் கூகுள் அப்படியே வைத்துக்கொண்டு, அப்புறம் வந்து பார்க்கும். சில மணி நேரத்துக்கு இதனால் கெடுதல் இல்லை. நாள் கணக்கில் நீடித்தால் பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கும், அது மட்டும் நினைவிருக்கட்டும். curl-இல் Googlebot என்று பெயர் போட்டுச் சோதிப்பதை முழுதாக நம்ப வேண்டாம். சில சிடிஎன்கள் ஐபி முகவரியை வைத்துத்தான் உண்மையான ரோபோவை அடையாளம் காண்கின்றன.

ஆனால் என் கேள்வி வேறு. உங்களுக்கு வரிசை எதற்கு? மதிப்பெண் நீங்கள் காட்டவில்லை. யார் வந்தாலும் ஒரே பக்கம்தான். அதைச் சிடிஎன்னிலேயே ஒரு நிமிடம் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்:

```
Cache-Control: public, max-age=0, s-maxage=60
```

லட்சம் பேர் வந்தாலும் உங்கள் சர்வருக்கு வரும் கோரிக்கை மிகச் சொற்பம். ஒரு திருத்தம் செய்தால் ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் போய்விடும். வரிசையே வேண்டாம்.

தட்டச்சுப்பொறி:
noindex விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மே 9" நின்றதற்கு இது காரணம் இல்லையே?

சர்வர்அறை:
நல்ல கேள்வி, அது தனிப் பிரச்சினை. நீங்கள் திருத்தியதும் கூகுள் ஓடி வந்து பார்க்காது. மறுபடி எடுக்கச் சொல்லிக் கோரிக்கை வைக்கலாம், ஆனால் எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இன்டெக்சிங் ஏபிஐ வேலைவாய்ப்புப் பக்கங்களுக்கும் நேரலைக்கும் மட்டும்தான். எனவே கடைசி நாளில் மாறக்கூடிய எதையும் தலைப்பில் வைக்காதீர்கள். தேதி, "வெளியானது", "இன்று காலை 9 மணி" எதுவும் வேண்டாம். ரிசல்டுக்கு முன்பும், அன்றும், மறுவாரமும் உண்மையாக இருக்கிற தலைப்பு போதும்:

```
<title>10ஆம் வகுப்பு ரிசல்ட் 2025: பார்ப்பது எப்படி</title>
<meta name="description" content="பதிவெண், பிறந்த தேதி கொண்டு தமிழ்நாடு 10ஆம் வகுப்பு மதிப்பெண் பார்க்கும் அரசுத் தளங்கள். மறுகூட்டல், துணைத்தேர்வு விவரம்.">
```

தேதி பக்கத்துக்குள், மேலேயே, பெரிதாக இருக்கட்டும். விளக்கத்தில் சொற்களை அடுக்குவதால் வரிசையில் முன்னே வர முடியாது. தேடியவருக்குப் பொருந்தும் வரி பக்கத்துக்குள் இருந்தால், விளக்கத்தை விட்டு அதையே கூகுள் காட்டவும் செய்யும். அதனால் அந்த முதல் வரியை விளக்கத்துக்குச் சமமாக யோசித்து எழுதுங்கள்.

எழுத்துக் கணக்கும் தமிழுக்கு ஒத்துவராது. வெட்டுவது அகலத்தைப் பார்த்துத்தான், நம் எழுத்து அகலமானது. வகுப்பும் ஆண்டும் முதலில் வந்துவிட வேண்டும். h1-இலும் அதே ஆண்டு இருக்கட்டும். ஒன்றில் 2024, மற்றொன்றில் 2025 என்றிருந்தால் கூகுள் தானே தலைப்பை மாற்றிவிடக்கூடும்.

பருவத்தேர்வு:
எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு முறையும் புது முகவரி போடுவோம், result-nov, result-apr என்று. பழையதே முதலில் வந்து மாணவர்கள் குழம்புகிறார்கள். அதுவும் இதே பிரச்சினையா?

சர்வர்அறை:
வேறு, ஆனால் பக்கத்து வீட்டுப் பிரச்சினை. நிரந்தரமாக ஒரே முகவரியை வையுங்கள். பழையதை அதன் கீழ் ஆண்டு போட்டுத் தனியாக நகர்த்துங்கள். புது முகவரிக்கு ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தட்டச்சுப்பொறி:
தமிழில் தலைப்பு வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. பிள்ளைகள் தட்டுவது tn 10th result 2025 என்றுதான். ஆங்கிலத்தில் வையுங்கள்.

வைகைக்கரை:
எங்கள் கன்சோலில் இரண்டு விதத்திலும் வருகிறார்கள். ஆங்கிலத்தில் தட்டுகிறவர்கள் அதிகம், ஆனால் தமிழில் தட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர் என்று நினைக்கிறேன். பக்கமே தமிழில் இருக்கும்போது ஆங்கிலத் தலைப்பு வைக்க மனம் வரவில்லை. முதல் பத்தியில் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

சர்வர்அறை:
அதில் நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். செய்து பார்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
ஒரு தகவல். 10ஆம் வகுப்பு ரிசல்டையும் மே 16க்கு முன்கூட்டியே மாற்றிவிட்டார்கள். இந்த முறை பக்கத்துக்குள் ஒரு வரியை மட்டும் திருத்தினேன், தலைப்பைத் தொடவில்லை. வரிசையை நிறுத்தி, சேமிப்பை ஒரு நிமிடத்துக்கு வைத்தாகிவிட்டது. 503 மட்டும் பாக்கி, சிடிஎன் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.