முகம் அப்படியே, சேலை மட்டும் புதிது: முடியுமா?

சுங்கை சிப்புட் பேரன்: எங்கள் அப்பாயிக்கு இருப்பது ஒரே படம்தான். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போகும் முழுக்கைச் சட்டையில், கழுத்துப் பொத்தான் வரை போட்டு நிற்கிறார். திதிக்கு மாட்டி வைக்க, முகத்தைத் தொடாமல் பட்டுச் சேலையாக மாற்ற முடியுமா?

கணினிக்காரன்: தாராளமாக முடியும். போட்டோஷாப்பில் சட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து, சொன்னதைக் கணினியே வரைந்து நிரப்பும் Generative Fill கொடுத்தால், தேர்வுக்கு வெளியே இருக்கும் முகம் மாறவே மாறாது. எந்த மென்பொருளிலும் இதுதான் விதி.

படக்கடை அண்ணன்: போட்டோஷாப்பைப் பொறுத்தவரை தம்பி சொல்வது சரி; அங்கே புதுச் சேலை தனி லேயராக மேலே வரும், பழைய படம் அடியில் அப்படியே இருக்கும். ஆனால் வீட்டுக் கணினியில் ஓட்டும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் மென்பொருள் முழுப் படத்தையும் சுருக்கி மீண்டும் விரிப்பதால், மாற்றச் சொல்லிக் குறித்த மாஸ்க்குக்கு வெளியே உள்ள கண்ணின் ஒளியும் புருவ மயிரும்கூட நுட்பமாக மாறக்கூடும். பழைய முகத்தை அதன்மேல் திரும்ப ஒட்டினால்தான் நிச்சயம். பழைய படத்தைப் புதியதன்மேல் வைத்து Difference முறைக்கு மாற்றிப் பாருங்கள்: முகம் முழுக் கறுப்பாகத் தெரிந்தால் தொடப்படவில்லை, சாம்பல் கோடுகள் தெரிந்தால் தொடப்பட்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் கழுத்துதான். மூடிய காலரை எடுத்துவிட்டு ரவிக்கை போட்டால், எந்தக் கேமராவும் பதிவு செய்யாத கழுத்தையும் காறை எலும்பையும் கணினியே கற்பனை செய்ய வேண்டியிருக்கும். என்னிடம் வந்த ஒரு படத்தில் அறுபது வயதுப் பாட்டியின் சுருங்கிய முகத்துக்குக் கீழே இருபது வயதுக் கழுத்து வந்துவிட்டது. தாடையின் நிழலுக்குக் கீழே தேர்வைத் தொடங்கி, கழுத்தை மூடிய ரவிக்கையாகக் கேட்டபோதுதான் அது பொருந்தியது. 2023இல் வந்த Generative Fill பதிப்பு 1024 பிக்சல் சதுரத்துக்கு மேல் வரையாமல் இழுத்துப் பெரிதாக்கியதால் சேலை மட்டும் மழமழவென்று நின்றது. தோள், மார்பு, முந்தானை என்று துண்டு துண்டாகச் செய்து, கடைசியில் பழைய படத்தின் புள்ளிகளைப் போலச் சிறிது நாய்ஸ் தூவினேன்.

மல்லிகா அக்கா: என் தங்கையின் கல்யாணப் படத்திலும் சேலை நிறத்தை மாற்ற வேண்டும். இதே வழிதானா?

படக்கடை அண்ணன்: நிறம் மட்டும் என்றால் இவ்வளவு வேண்டாம், அக்கா. Hue/Saturation போதும், துணியின் மடிப்புகூட மாறாது.

பழைய வெட்டுக்காரர் மகள்: கழுத்தே கற்பனை என்றால், "முகத்தைத் தொடவில்லை" என்ற பேச்சுக்கு என்ன பொருள்? விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போன பெண்ணைப் பட்டுக்குள் அடைத்து மாட்டினால், கொள்ளுப்பேரன் அதையே உண்மை என்று நம்புவான். அந்தச் சட்டையில் என்ன குறை?

கணினிக்காரன்: அக்காலத்துப் படக்கடைகளில் இரவல் கோட்டு மாட்டிப் படம் எடுத்தார்களே, அது மட்டும் உண்மையா?

பழைய வெட்டுக்காரர் மகள்: அந்தக் கோட்டை அவர்களே விரும்பிப் போட்டார்கள்.

சுங்கை சிப்புட் பேரன்: சட்டையில் பால் கறை இருக்கிறது, அதைப் பார்த்தாலே அம்மா அழுகிறார். கழுத்தை மூடிய ரவிக்கையாகச் செய்து பார்க்கிறேன்; மூலப் படத்தையும் பக்கத்திலேயே மாட்டுவதா என்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.